வளர வேண்டியது சுவரும் தரையும்தான்

ஆயுத பூஜை வாரம் வந்துவிட்டால் ஜூஜுவாடியில் எல்லா ஷெட்டிலிருந்தும் எனக்கு ஒரே வேலைதான் வரும். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி ஒரு படம் எடுப்பார்கள். அந்த ஒரே படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போக வேண்டும், இன்ஸ்டாகிராமுக்குப் போக வேண்டும், ஃபேஸ்புக்குக்குப் போக வேண்டும், கம்பெனி லிங்க்ட்இன் பக்கத்தின் தலையிலும் உட்கார வேண்டும். சிலருக்கு யூடியூப் வீடியோவின் முகப்புப் படமாகவும் வேண்டும். வாழ்த்து வரி தமிழிலும் இருக்க வேண்டும், கன்னடத்திலும் இருக்க வேண்டும். ஷெட் இந்தப் பக்கம் சிப்காட்டில் இருந்தாலும் ஆர்டர் கொடுப்பவர் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலும் பொம்மசந்திராவிலும் இருக்கிறார்கள்.

"தம்பி, போட்டோ நல்லாத்தான் இருக்கு. ஸ்டேட்டஸ்ல போட்டா ரெண்டு பக்கமும் வெட்டுது, இல்லேன்னா மேலயும் கீழயும் கறுப்பா வருது" என்று சொல்லாத முதலாளி கிடையாது. அந்தக் கறுப்புப் பட்டை இருக்கும் இடத்தில் ஷெட்டின் சுவரும் தரையும் இயல்பாகத் தொடர்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படிப் படத்தை வளர்த்துக் கொடுப்பதுதான் என் வேலையின் பாதி. இதில் நான் கற்றுக்கொண்டதை, ஒரு சி.என்.சி. ஜாப் ஒர்க் ஷெட்டுக்குச் செய்த ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன்.

அந்தப் படம் 24 மெகாபிக்சல் கேமராவில் படுக்கை வாட்டில் எடுத்தது. அகலம் 6000 பிக்சல், உயரம் 4000. நடுவில் ஒரு வி.எம்.சி. மெஷின், அதன் கதவில் சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மெஷினுக்கு இடது பக்கம் கைகூப்பி நிற்கும் இரண்டு ஆபரேட்டர்கள். மேலே மாவிலைத் தோரணம். தரையில் கோலம், அதன் நடுவில் குங்குமம் தடவிய பூசணிக்காய். பின்சுவர் இடுப்பு உயரம் வரை சாம்பல் பெயின்ட், அதற்கு மேல் வெளிர் மஞ்சள். தரை பச்சை எபாக்ஸி, நடைபாதையைக் காட்ட ஒரு மஞ்சள் கோடு.

முதலில் செய்ய வேண்டியது, இந்தக் காட்சியில் எது போனால் படம் படமாக இருக்காது என்று பார்ப்பது. வாழைக்கன்று முதல் வாழைக்கன்று வரை அளந்து பார்த்தேன். ஆட்களையும் சேர்த்து 3200 பிக்சல் அகலம் வந்தது. உயரத்தில் தோரணம் முதல் கோலம் வரை கிட்டத்தட்ட முழு 4000மே தேவை. அதாவது படத்தின் உயிர் 3200-க்கு 4000 என்ற பெட்டிக்குள் இருக்கிறது. இது சரியாக 4:5. இன்ஸ்டாகிராம் போஸ்ட்டுக்கு நெடுநாளாகப் புழங்கும் 1080-க்கு 1350 என்ற அளவும் அதே 4:5தான்.

இது தற்செயல் இல்லை. படம் எடுக்கும்போதே வ்யூஃபைண்டரில் 4:5 பெட்டியை மனதில் வைத்து ஆட்களை நிறுத்தியிருந்தேன். ஏன் 4:5 என்று கேட்டால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் உதவிய கணக்கு அதுதான்.

ஸ்டேட்டஸ், ஸ்டோரி இரண்டும் 9:16. அகலம் 1080, உயரம் 1920. மேலே பேரும் முகமும் வரும். கீழே பதில் எழுதும் கட்டம் வரும். ஸ்டோரி விளம்பரம் போடுகிறவர்களுக்கு மெட்டா சொல்லும் அளவு, மேலே சுமார் 250 பிக்சலும் கீழே சுமார் 340 பிக்சலும் எழுத்தோ லோகோவோ வைக்காமல் விட வேண்டும் என்பது. இரண்டையும் கூட்டினால் 590. இப்போது 1920-லிருந்து 1350-ஐக் கழித்துப் பாருங்கள், 570 வரும். அதாவது 4:5 படத்தை அப்படியே ஸ்டோரிக்குள் வைத்தால், மிச்சமிருக்கும் 570 பிக்சல்தான் ஏறக்குறைய செயலி தன் பட்டன்களால் மூடிக்கொள்ளும் இடம். மேலே 240, கீழே 330 என்று பிரித்துவிட்டால் படத்தின் உயிர் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உட்காரும். நாம் புதிதாக வளர்க்கும் பகுதி முழுவதும், யாரும் எதையும் தேடாத ஓரங்களில் போய்ச் சேரும்.

இதைப் பிடித்துக்கொண்டால் வேலையின் சுமை பாதி குறைந்துவிடும். வளர்த்த பகுதிக்கு அழகோ அர்த்தமோ தேவையில்லை, கண்ணை உறுத்தாமல் இருந்தால் போதும். ரீல்ஸ் மட்டும் இதற்கு ஒத்துவராது. அதில் கீழே தலைப்பு வரி, பாட்டுப் பெயர் எல்லாம் வருவதால் உயரத்தில் சுமார் 35 சதவீதம் விடச் சொல்கிறார்கள். அது 670 பிக்சலுக்கு மேல். ரீல்ஸுக்கும் சேர்த்துக் கேட்டால் கோலத்தில் பாதி மறையும் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு சின்னக் கணக்கும் உண்டு. 2010-இல் தொடங்கியபோது இன்ஸ்டாகிராமில் சதுரம் தவிர வேறு வடிவம் கிடையாது. 2015-இல்தான் நெட்டையும் படுக்கையும் வந்தன. 2025 தொடக்கத்தில் ப்ரொஃபைல் பக்கத்தின் கட்டங்களையும் சதுரத்திலிருந்து 3:4-க்கு மாற்றினார்கள். நம் 4:5 படம் அந்தக் கட்டத்தில் தெரியும்போது இடதும் வலதும் 34 பிக்சல் அளவுக்கு வெட்டுப்படும். எனவே வாழை இலையின் நுனி ஓரத்தைத் தொட்டாலும் பரவாயில்லை, வாழ்த்து எழுத்து தொடக்கூடாது. இரண்டு பக்கமும் 60 பிக்சல் விட்டு எழுதுவது என் பழக்கம்.

அடுத்தது வளர்க்கும் வேலை. இதில் நான் முதலில் செய்வது படத்தைச் சுருக்குவது. கேட்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும், பெரிய படத்தை எதற்குச் சிறிதாக்க வேண்டும் என்பார்கள். 4000 பிக்சல் உயரத்தை 1350 ஆக்கினால் 6000 அகலம் 2025 ஆகும். உயிர்ப் பெட்டியின் 3200 சரியாக 1080 ஆகிவிடும். இனி மேலே 240-ம் கீழே 330-ம் வளர்த்தால் போதும். இதையே பெரிய படத்தில் செய்திருந்தால் கிட்டத்தட்ட 1700 பிக்சல் உயரத்துக்குச் சுவரையும் தரையையும் உருவாக்க வேண்டியிருக்கும், கடைசியில் அதைச் சுருக்கித்தான் அனுப்பப் போகிறோம்.

ஃபோட்டோஷாப்பில் 2023-இல் வந்த Generative Expand வசதியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அது வந்த புதிதில் ஒரு தடவைக்கு 1024 பிக்சல் அளவுக்குத்தான் படத்தை உருவாக்கும், அதைவிடப் பெரிய இடத்தைக் கொடுத்தால் இழுத்து நிரப்பும். நிஜப் படம் கூர்மையாகவும் வளர்த்த பகுதி மழுங்கலாகவும் நிற்கும். பின்னால் வந்த மாடல்களில் இந்த அளவு கூடியிருக்கிறது. ஆனாலும் கடைசி அளவுக்குச் சுருக்கிவிட்டு வளர்ப்பதுதான் எந்தக் கருவிக்கும் நல்லது.

வளர்க்க வேண்டிய வடிவமும் முழுச் செவ்வகம் இல்லை. நெட்டையான ஸ்டேட்டஸ் நடுவில் 1080 அகலத்துக்கு மட்டும் மேலும் கீழும் நீளும். படுக்கையான 16:9 குறுக்கே போகும். இரண்டையும் சேர்த்தால் கூட்டல் குறி போல் வரும். நான்கு மூலைகளும் எந்த அளவிலும் வராது. எனவே மூலைகளை நிரப்ப நான் நேரம் செலவிடுவதில்லை, காலியாகவே விட்டுவிடுகிறேன்.

மேலே 240 பிக்சல் எளிது. அங்கே வெளிர் மஞ்சள் சுவர் மட்டும்தான். இதற்கு எந்தப் பெரிய கருவியும் தேவையில்லை. தோரணத்துக்கு மேல் இருக்கும் வெறும் சுவரில் ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்து, நகல் எடுத்து, Free Transform-இல் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி இழுத்தால் போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இழுக்கும்போது படத்தில் இருக்கும் பொடிப்பொடியான புள்ளிகளும் சேர்ந்து நீண்டு, செங்குத்துக் கீற்றுகளாக மாறும். ஷெட்டுக்குள் வெளிச்சம் குறைவு, ஐ.எஸ்.ஓ. 1600-க்கு மேல் வைத்துத்தான் எடுப்போம், எனவே புள்ளிகள் நிச்சயம் இருக்கும். இழுத்த பகுதியை லேசாக Gaussian Blur செய்து கீற்றுகளை அழித்துவிட்டு, அதன் மேல் Add Noise-இல் ஒன்றிரண்டு சதவீதம் புள்ளிகளைத் திரும்பத் தூவ வேண்டும். Monochromatic டிக் இருக்கட்டும்.

தோரணம் முழுதாகப் படத்துக்குள் இருந்ததால்தான் மேல்பகுதி இவ்வளவு எளிதாக முடிந்தது. அது பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் கதை வேறு. மாவிலை பாதி, கயிறு பாதி என்று விளிம்பில் நிற்கும் எதையும் கருவி தன் இஷ்டத்துக்கு முடித்துவைக்கும். சுவரில் மாட்டிய போர்டு இன்னும் மோசம். நம் ஷெட்களில் 5எஸ் போர்டு, பாதுகாப்பு வாசகம், கம்பெனி காலண்டர் என்று ஏதாவது ஒன்று விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். வளர்க்கச் சொன்னால் மீதிப் பாதியில் தமிழும் இல்லாத, கன்னடமும் இல்லாத, ஆங்கிலமும் இல்லாத கிறுக்கல்கள் வரும். தூரத்தில் எழுத்து மாதிரியே இருப்பதால் போனில் சட்டென்று கண்ணில் படாது. எனவே வளர்ப்பதற்கு முன் விளிம்பில் பாதியாக நிற்கும் போர்டைப் பேட்ச் டூலால் அழித்துச் சுவராக்கிவிடுவேன். எழுத்தோடு எந்தப் பொருளும் விளிம்பைத் தொடக்கூடாது.

கீழே 330 பிக்சல்தான் கடினம். எபாக்ஸி தரை மினுமினுக்கும். மெஷினின் வெள்ளை உடல், வாழைக்கன்றின் பச்சை, டியூப்லைட் எல்லாம் தரையில் மங்கலாகப் பிரதிபலிக்கும். நிஜத்தில் இந்தப் பிரதிபலிப்பு கேமராவை நோக்கிக் கீழே வர வர மெல்ல மங்கும். வளர்த்த பகுதியில் அது வெட்டினாற்போல் ஒரே கோட்டில் நின்றுவிட்டால், தரையில் ஈரத்துணி போட்டுப் பாதி துடைத்தது மாதிரி ஒரு கோடு தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லிவிடும்.

இதற்கு நான் செய்வது இது. தேர்ந்தெடுக்கும்போது காலி இடத்தோடு நிறுத்தாமல், நிஜப் படத்துக்குள்ளும் 30, 40 பிக்சல் சேர்த்துக்கொள்வேன். அப்போதுதான் கருவி பழைய தரையோடு கலந்து தொடங்கும். கட்டளைக் கட்டத்தில் எதுவும் எழுதாமல் காலியாக விட்டுவிடுவேன். 'தரை' என்று எழுதினால்கூட வேறெங்கோ இருக்கும் ஒரு தரையைக் கொண்டு வரும், ஒன்றும் எழுதாவிட்டால் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத் தொடரும். வந்த பிறகு Curves லேயர் ஒன்றைப் போட்டு, கீழ்விளிம்பை நோக்கி மெல்ல இருட்டிக்கொண்டு போவேன். ஷெட்டில் விளக்கு மெஷினுக்கு மேல்தான் இருக்கும், கேமரா நிற்கும் பக்கம் வெளிச்சம் குறையும். இந்த இருட்டல் இயல்பானதும்கூட, சேர்ந்த இடத்தை மறைக்கவும் உதவும்.

மஞ்சள் கோட்டை மட்டும் எந்தக் கருவியிடமும் நான் விடுவதில்லை. அது கேமராவை நோக்கி வரும் கோடு. அருகில் வர வர அகலமாகும், பக்கவாட்டில் விலகிக்கொண்டே போகும். கருவி வளர்த்தால் பெரும்பாலும் கொஞ்சம் வளையும், இல்லாவிட்டால் அகலம் கூடாமல் ஒரே அளவில் இறங்கும். பட்டையை இழுத்து வளர்த்தாலும் அதே கோளாறுதான். எனவே கோட்டின் இரண்டு விளிம்புகளிலும் ரூலர் வைத்ததுபோல் இரண்டு நேர்கோடுகளைப் பென் டூலால் கீழ்வரை நீட்டி, நடுவில் அதே மஞ்சளை நிரப்பி, மேலே கொஞ்சம் டயர் தடமும் அழுக்கும் க்ளோன் செய்வேன். ஃபோர்க் லிஃப்ட் ஓடும் ஷெட்டில் பளிச்சென்ற மஞ்சள் கோடு இருந்தால் அங்கே வேலை செய்கிறவரே நம்பமாட்டார்.

இப்படிச் சுவரையும் தரையையும் வளர்க்கலாம். மெஷினையும் மனிதரையும் வளர்க்கக்கூடாது. இதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

2024 ஜனவரி கடைசியில் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். விக்டோரியா மாநில மேலவை உறுப்பினர் ஜார்ஜி பர்செல் என்ற பெண்ணின் படத்தை நைன் நியூஸ் தொலைக்காட்சி தன் திரை அளவுக்கு மாற்றி ஒளிபரப்பியது. அவர் போட்டிருந்தது முழு உடை. ஒளிபரப்பான படத்தில் அது மேல்சட்டையும் கீழாடையுமாகப் பிரிந்து, நடுவில் வயிறு தெரிந்தது. மார்பின் அளவும் மாறியிருப்பதாக அவரே சுட்டிக்காட்டினார். சேனல் மன்னிப்புக் கேட்டது, அளவு மாற்றும்போது ஃபோட்டோஷாப்பின் தானியங்கி வசதி செய்துவிட்டது என்றது. மனிதர் கை வைக்காமலும் சம்மதிக்காமலும் அப்படி ஆகாது என்று அடோபி பதில் சொன்னது. ஒரு மனிதரின் உடல் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கும்போது 'மீதியை நீயே போடு' என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

நம் ஊரில் இது வேறு உருவத்தில் வரும். ஒரு வாடிக்கையாளர் தன் போனில் எடுத்த பூஜைப் படத்தை அனுப்பினார். ஆட்கள் கணுக்காலோடு வெட்டுப்பட்டிருந்தார்கள். கீழே வளர்த்துப் பார்த்தபோது எல்லோர் காலிலும் ஷூ வந்தது. தொழிற்சாலைச் சட்டை போட்டவர்களுக்குக் கருவி ஷூ மாட்டியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அன்றைக்கு அங்கே எல்லோரும் வெறுங்காலோடுதான் நின்றிருந்தார்கள். பூஜை நடக்கும் மெஷினுக்கு முன்னால் செருப்போடு நிற்பதாக ஒரு படம் ஸ்டேட்டஸில் போனால் அந்த ஷெட்டுக்குள் எவ்வளவு வருத்தம் வரும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திரும்ப முயன்றால் வெறுங்கால் வரலாம். ஆனால் அது அந்த மனிதரின் கால் இல்லை. அந்தப் படத்தை முழங்காலுக்கு மேல் வெட்டி, கீழே கம்பெனியின் நிறத்தில் ஒரு பட்டை வைத்து, அதில் வாழ்த்தை எழுதிக் கொடுத்தேன். பார்க்கவும் நன்றாக இருந்தது, பொய்யும் இல்லை.

மெஷினுக்கும் இதே விதிதான். ஆர்டர் கொடுக்கும் கம்பெனிகள் படத்தைப் பார்த்தே மெஷினின் அளவு, டூல் மேகஸின், கன்ட்ரோலர் என்று கணக்குப் போடுவார்கள். பக்கவாட்டில் பாதி தெரியும் இரண்டாவது மெஷினை முழுசாக்கச் சொல்லி முதலாளிகள் கேட்பதுண்டு. முழுசாக்கினால் இல்லாத கதவும் இல்லாத பட்டனும் உள்ள ஒரு மெஷின் வரும். அந்த இடத்தில் வாழைக்கன்றுக்கு இந்தப் பக்கமே வெட்டிவிடுவதுதான் சரி.

படத்தை நெருக்குவதிலும் கவனம் வேண்டும். 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழின் அட்டையில் கிசா பிரமிடுகளின் படம் வந்தது. எடுத்தது படுக்கை வாட்டில், அட்டையோ நெட்டை. இரண்டு பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்து அட்டைக்குள் அடக்கினார்கள். அது பெரிய சர்ச்சையானது, இன்றுவரை ஒளிப்பட வகுப்புகளில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் இருக்கும் Content-Aware Scale இதே வேலையை நொடியில் செய்யும். ஆட்களையும் மெஷினையும் தொடாமல், நடுவில் உள்ள வெறும் சுவரை மட்டும் சுருக்கி, இரண்டையும் பக்கத்தில் கொண்டுவரும். வாழைக்கன்றுக்கும் மெஷினுக்கும் நடுவில் இருக்கும் இடம் குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆபரேட்டர் மெஷின் கதவை ஒட்டி நிற்பதுபோல் நெருங்கினால், பாதுகாப்பு ஆடிட் நடக்கும் கம்பெனிக்கு அது கேள்வியாகிவிடும்.

எவ்வளவு தூரம் வளர்க்கலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் எல்லை, கடைசிப் படத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்டேட்டஸில் 1920-க்கு 570 என்பது அதற்குள்தான் வருகிறது. இதைத் தாண்டினால் படத்தின் பெரும்பகுதி கற்பனையாகிவிடும், உயிரும் சின்னதாகிவிடும். போனில் நெட்டை வாட்டில் எடுத்த 3:4 படத்தை யூடியூப் முகப்புக்குக் கேட்கும்போதுதான் இது இடிக்கும். 1080 உயரத்தில் அந்தப் படத்தின் அகலம் 810 மட்டுமே. 1920 வேண்டுமென்றால் 1110 பிக்சல் புதிதாக வர வேண்டும், இருப்பதைவிட அதிகம். அங்கே வளர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. படத்தை ஒரு பக்கம் முழு உயரத்தில் வைத்து, மறுபக்கம் வெறும் நிறத்தில் எழுத்தை வைப்பேன். லிங்க்ட்இன் கம்பெனிப் பக்கத்தின் தலைப்பட்டை இன்னும் கடுமையானது, ஏறக்குறைய ஆறுக்கு ஒன்று. அதற்குள் முழு மெஷினை அடக்க நினைத்தால் சுவர்தான் ஊர் நீளத்துக்குத் தெரியும். அதே பூஜையில் எடுத்த வேறொரு படம், மேஜையில் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்த பாகங்கள், அந்தப் பட்டைக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. இடது கீழ் மூலையில் லோகோ வந்து உட்காரும், அங்கே மட்டும் பாகம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

வளர்த்து முடித்த படத்தைச் சோதிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் போட்டு, கோட்டை அலைபோல் மேலும் கீழும் வளைத்துவிடுங்கள். படம் கன்னாபின்னாவென்று நிறம் மாறும். அப்போது நிஜமும் வளர்த்ததும் சேரும் இடம் கோடாகத் துருத்திக்கொண்டு தெரியும். அங்கே புள்ளிகளோ வெளிச்சமோ ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். சரிசெய்துவிட்டு லேயரை நீக்கிவிடலாம். அடுத்து படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பேன். பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல் கோடு அப்போது மாட்டும். பிறகு போனில் போட்டு, வெளிச்சத்தை முழுக்க ஏற்றி ஒரு தடவை. பெரும்பாலானோர் அப்படித்தான் பார்க்கப் போகிறார்கள்.

எழுத்தை எல்லாம் முடிந்த பிறகுதான் வைக்க வேண்டும். எழுத்தோடு இருக்கும் படத்தை வளர்க்கக் கொடுத்தால் அந்த எழுத்தையும் கருவி நீட்டப் பார்க்கும். எனவே எழுத்தில்லாத மாஸ்டர் படம் ஒன்று என்னிடம் எப்போதும் இருக்கும். இந்தப் படத்தின் மாஸ்டர் 2025-க்கு 1920. அதிலிருந்து எல்லா அளவையும் கையால் வெட்டாமல் இமேஜ்மேஜிக் கட்டளையால் ஒரே தடவையில் எடுத்துவிடுவேன்:

```
magick master.png -crop 1080x1920+472+0 +repage status.png
magick master.png -crop 1080x1350+472+240 +repage post.png
magick master.png -crop 1350x1350+337+240 +repage -resize 1080x1080 square.png
magick master.png -crop 1920x1080+52+500 +repage wide.png
```

கூட்டல் குறிக்குப் பின் வரும் முதல் எண் இடதிலிருந்து எவ்வளவு தள்ளி, இரண்டாவது எண் மேலிருந்து எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும் என்பது. இந்தப் படத்தில் உயிர் சரியாக நடுவில் இருந்ததால் 472. ஓரமாக இருந்தால் ஒவ்வொரு வரியிலும் அந்த முதல் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். கடைசி வரியில் 500 என்று போட்டதற்குக் காரணம் உண்டு. 16:9-இல் உயரம் 270 பிக்சல் குறைந்தே ஆக வேண்டும், மேலே தோரணத்தை விடுவதா, கீழே கோலத்தையும் கால்களையும் விடுவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் தோரணத்தை விட்டேன். முதலாளிக்கும் அதில் சம்மதம்: "கோலம் எங்க வீட்ல போட்டது தம்பி, அது இருக்கட்டும்."

இவ்வளவும் கணினியில் செய்யும் வேலை. படம் எடுக்கும் நாளிலேயே கொஞ்சம் மெனக்கெட்டால் வளர்க்க வேண்டிய அவசியமே பாதி குறையும். இப்போதெல்லாம் ட்ரைபாட் இல்லாமல் பூஜைப் படம் எடுக்கப் போவதில்லை. எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் மேன்யுவலில் பூட்டிவிட்டு, நடுப்படம் எடுத்தவுடன் கேமராவைக் கொஞ்சம் மேலே சாய்த்து ஒன்று, கீழே சாய்த்து ஒன்று எடுத்துவிடுவேன். ஆட்கள் நகர்ந்தாலும் சுவரும் தரையும் நகராது. Photomerge-இல் மூன்றையும் சேர்த்தால் மேலும் கீழும் நிஜச் சுவரும் நிஜத் தரையும் கிடைக்கும், மஞ்சள் கோடும் தானே சரியாக அகலமாகும். ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷெட் விளக்குகள் ஒரு வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், வேகத்தைக் கூட்டினால் மூன்று படமும் மூன்று வெளிச்சத்தில் வந்து சேர மறுக்கும். நடுப்படத்துக்குக் கேமரா மட்டமாக இருக்க வேண்டும். அண்ணாந்து எடுத்த படத்தில் சுவர்கள் மேலே கூம்பும், அதை மேலும் வளர்த்தால் ஷெட்டே கோபுரமாகிவிடும்.

படம் எல்லாம் அனுப்பி முடித்த பிறகு அந்த முதலாளி கேட்டுக்கு வைக்க ஆறடிக்கு நாலடி ஃப்ளெக்ஸும் கேட்டார். சுருக்கி வளர்த்த மாஸ்டரை இதற்குத் தொடக்கூடாது, 2025 பிக்சல் ஆறடியில் மங்கிவிடும். முதலில் எடுத்த 6000-க்கு 4000 படத்தைத் திறந்தேன். ஆறுக்கு நாலு என்பது கேமராவின் அதே 3:2 அளவு. ஓர் அங்குலத்துக்கு 83 பிக்சல் வந்தது, தள்ளி நின்று பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு அது தாராளம். அந்தப் படத்தில் ஒரு பிக்சல்கூட வெட்டவும் வேண்டியிருக்கவில்லை, வளர்க்கவும் வேண்டியிருக்கவில்லை. தமிழ் வரியை மேலேயும் கன்னட வரியை அதற்குக் கீழேயும் வைத்து, அன்று மாலையே பிரிண்டுக்கு அனுப்பினேன்.